அறுபத்திரண்டு பிபிஎம்

எண் சிறுத்தால் நஞ்சும் சிறுக்கும் என்று ஒரு நிமிடம் நம்பினேன். இத்தனைக்கும் நான் இரசாயன வாத்தியார். தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வரிசைக் குடியிருப்பான லயத்து ஊற்றுத் தண்ணீரில் நைட்ரேட் 62 பிபிஎம், அதாவது லீட்டருக்கு 62 மில்லிகிராம் என்று ஆய்வுகூடம் சொன்னது. கைக்குழந்தையான பேத்திக்குப் பால்மா கரைப்பது அதில்தான். அதை 0.062 கிராமாக்கி, நைட்ரேட்டின் மூலர்த்திணிவான (ஒரு மூலின் நிறை) 62ஆல் வகுத்தேன். லீட்டருக்கு 0.001 மூல்.

“பாத்தியா, ஒண்ணுமே இல்ல,” என்றேன் மனைவியிடம்.

“அம்பதுக்கு மேல போகக்கூடாதுன்னீங்களே, அதையும் வகுங்க.”

0.0008 வந்தது.

“கொதிக்க வச்சா போயிருமாங்க?”

“தண்ணிதான் போகும். அது அப்படியே இருக்கும்.”

பேத்திக்குக் கடையில் தண்ணீர் வாங்கினோம். மற்ற எல்லோரும் இன்றும் ஊற்றுத் தண்ணீரையே குடிக்கிறோம். லயத்துக்கு வேறு தண்ணீர் வரவில்லை.