ஒரு நிமிட டைட்டிலுக்கு ஒரு கிணறு

டைரக்டர் முதல் நாள் என்னிடம் கொடுத்தது ஒரு போட்டோ. தோட்டத்து மோட்டார் ரூம் சுவர். சிமெண்ட் பூசி ஈரம் காயும் முன் யாரோ குச்சியால் ஒரு பெயரின் முதல் எழுத்தையும் வருஷத்தையும் கீறியிருந்தார்கள். குச்சி இறங்கிய இடத்தில் பள்ளம், அது தள்ளிய சிமெண்ட் இரண்டு பக்கமும் கரையாக எழும்பி நின்றது.

"எழுத்து இந்த மாதிரி இருக்கோணுங்க்கா," என்றார். அந்தியூர்ப் பக்கத்துக்காரர். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர்.

கோவை சரவணம்பட்டியில் ஒரு பேக்கரிக்கு மேலே இரண்டு அறை எடுத்து, விளம்பரத்துக்கும் வீடியோவுக்கும் எழுத்தைத் திரையில் அசைய வைக்கிற வேலை செய்துகொண்டிருந்தேன். வெப் சீரிஸ் டைட்டில் அதுதான் முதல் தடவை. சீரிஸின் பெயர் 'ஊற்று'. கதை நடப்பது தொண்ணூறுகளில், மழை பொய்த்த ஒரு சமயம். ஒரு குடும்பத்தில் தம்பி மொபெட்டில் ஏறிப் போனவன் திரும்பவில்லை. ஊரை விட்டு ஓடிவிட்டான் என்று அண்ணன் சொல்கிறான், எல்லாரும் நம்புகிறார்கள். எட்டாவது பகுதியில் கிணறு வற்றுகிறது. அடியில் மொபெட் கிடக்கிறது.

"கதையைச் சொல்லிப்போடக் கூடாது. ஆனா முடிஞ்சப்புறம் திரும்பிப் பார்த்தா, எல்லாம் அங்கயே இருந்திருக்கோணும்," என்றார் டைரக்டர். அவர் போன பிறகு ஒரு தாளில் இந்த வாக்கியத்தை எழுதி மானிட்டர் மேல் ஒட்டினேன்.

பத்து நாள் கம்ப்யூட்டரில் தண்ணீர் செய்து பார்த்தேன். எந்தத் தண்ணீரும் குடிக்கிற தண்ணீராகத் தெரியவில்லை. அப்புறம்தான் நிஜக் கிணற்றிலேயே எடுத்துவிடலாம் என்று தோன்றியது. கிணற்றை இறைத்து, உள்சுவரில் எழுத்தை எழுதிக் காயவிட வேண்டும். பிறகு ஊற்று ஊறி நீர்மட்டம் ஏற ஏற, அசையாத கேமராவில் பத்து விநாடிக்கு ஒரு போட்டோ. அதைப் பின்னாலிருந்து ஓட்டினால் தண்ணீர் இறங்கும், எழுத்து ஒவ்வொன்றாக வெளியே வரும். பத்து மணி நேரத்துக்கு மூவாயிரத்து அறுநூறு படம். விநாடிக்கு இருபத்து நாலு வீதம் ஓட்டினால் இரண்டரை நிமிஷம். எனக்கு வேண்டியது ஒரு நிமிஷம்தான்.

கொடுமுடிக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கிணறு கிடைத்தது. சதுரக் கிணறு, கல் கட்டு, சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு இறங்கும் கல் படிகள். தோட்டக்கார அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"பெயிண்ட் கியிண்ட் ஆகாதுங்க அம்மணி. மாடு குடிக்கற தண்ணி. சுண்ணாம்புன்னா எழுதிக்கங்க. அந்த வண்டியிலயும் சொட்டு எண்ணெய் இருக்கப்படாது."

எஞ்சினைக் கழற்றிக் கழுவிய மொபெட் கூடு ஒன்றை இறக்கி, டைட்டிலில் தெரியாவிட்டாலும் இருக்கட்டும் என்று அடியில் சாய்த்தோம். மேலே, சாரத்தில் நின்று நானும் டைரக்டரும் எழுதினோம். கடை போர்டு போல மேலிருந்து கீழாக ஊ, ற், று. ஒவ்வொன்றும் என் இடுப்பு உயரம். குச்சிக் கீறலின் அந்தக் கரை தெரிவதற்காகக் கோட்டின் இரு ஓரத்திலும் சுண்ணாம்பைக் கெட்டியாக அப்பினோம்.

எழுத்து நின்றது. புள்ளி நிற்கவில்லை. ற் மேல் வைக்க வேண்டிய புள்ளி, வைத்த கால் மணி நேரத்தில் கரைந்து வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன், மறுபடி வழிந்தது. புள்ளி இல்லாவிட்டால் அது 'ஊறறு'. அப்படி ஒரு வார்த்தையே கிடையாது. எழுத்தை இடம் மாற்ற வேண்டுமென்றால் எல்லாவற்றையும் கழுவி, காய இன்னொரு நாள் வேண்டும். சாரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மேலேயிருந்து அக்கா எட்டிப் பார்த்தார். "ஏனுங்க அம்மணி, அங்க போய் எதுக்குப் பூசறீங்க? அது ஊத்துக்கண்ணுங்க. அங்க எதுவும் ஒட்டாது."

கல் சந்தில் விரலை வைத்தேன். சில்லென்று இருந்தது. உள்ளேயிருந்து நீர் என் விரலை மெதுவாகத் தள்ளியது. சுற்றிலும் வெளுத்துக் காய்ந்த கல், நடுவில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கறுப்பு ஈரம். எழுதுகிற இடத்தை நான்தான் தேர்ந்தெடுத்தேன். ஊற்று என்ற சொல்லில் புள்ளி எங்கே வர வேண்டுமோ, சரியாக அங்கே கிணற்றின் ஊற்றுக்கண். டைரக்டர் கையிலிருந்த, சுண்ணாம்பு அடிக்கிற மட்டையைக் கீழே வைத்துவிட்டு, செருப்பில்லாத காலைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டார், கோயிலில் நிற்பது போல.

புள்ளியை நாங்கள் வைக்கவில்லை.

மறுநாள் காலை ஆறரைக்குக் கேமரா ஓட ஆரம்பித்தது. இசையமைப்பாளரும் வந்திருந்தார். கோட்டைமேட்டுக்காரர். வீட்டு மாடியில்தான் அவருடைய ஸ்டூடியோ. எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். பையில் மைக்கோடு ஒரு பாக்கெட் பலூன் கொண்டுவந்திருந்தார். மைக்கைக் கிணற்றுக்குள் தொங்கவிட்டு, ஒரு பலூனை ஊதி, கையை நீட்டி உடைத்தார். மாடப்புறாக்கள் படபடவென்று மேலே கிளம்பின.

"கிணத்தோட எதிரொலியைப் புடிக்கறனுங்க. இதை வெச்சு எந்தச் சத்தத்தையும் இந்தக் கிணத்துக்குள்ள கேக்கற மாதிரி பண்ணிப்போடலாம்."

அன்று பகல் முழுக்க அவ்வப்போது ஒரு பலூன் வெடித்துக்கொண்டிருந்தது. ஏன் இத்தனை என்று கேட்கத் தோன்றவில்லை. நான் நீர்மட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாளத்துக்கு அவர் எடுத்தது அடிபம்பு. இறங்கும்போது ஒரு கிரீச், ஏறும்போது ஒரு டணார். இரண்டையும் தட்டாக வைத்து நிமிஷத்துக்கு எழுபத்திரண்டு தட்டு. "ஒரு தட்டுக்குச் சரியா இருபது ஃபிரேமுங்க. உங்களுக்கு வெட்டறதுக்குச் சௌகரியம்," என்றார். மூன்று தட்டுக்கு ஒரு பெயர், அதாவது இரண்டரை விநாடி. பதினெட்டுப் பெயர்கள். மீதிப் பதினைந்து விநாடியில் தொடக்கமும் தலைப்பும். தாளத்தின் மேல் ஒரு பெண் குரல், வார்த்தையில்லாத முனகல். வேறு வாத்தியம் எதுவும் வைக்கவில்லை. பெயர்களுக்கு அலங்காரமில்லாத சின்ன எழுத்து. அதையும் போனில் போட்டு, வெயிலில் நின்று, கை நீட்டிய தூரத்தில் படித்துப் பார்த்து அளவைக் கூட்டினேன்.

பின்னோக்கி ஓட்டியபோது புறாக்கள் பின்புறமாகப் பறந்து வந்து பொந்தில் உட்கார்ந்தன. வெயில் ஏறி இறங்கியதில் வந்த வெளிச்சத் துடிப்பைச் சமன் செய்தேன், புறாக்களை அப்படியே விட்டுவிட்டேன். தண்ணீர் இறங்கி, ஊ வெளியே வந்தது. பிறகு ற. அதன் தலையில், யாரும் வைக்காத அந்தக் கறுப்பு ஈரம் மினுங்கியது.

நன்றி சொல்வதற்காக லேப்டாப்பை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். அக்கா களத்தில் நின்றபடியே பார்த்தார். முடிந்ததும் கிணற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிடிக்கவில்லையோ என்று நினைத்தேன்.

"நெசமாவே இப்படித்தானுங்க இறங்குச்சு, மழை பொய்ச்ச அந்த வருஷம்," என்றார் கடைசியில். "ஆனா இத்தன வேகமா இல்ல கண்ணு. வாரத்துக்கு ஒரு படி. தெனமும் வந்து படியை எண்ணுவேன். ஊட்ல யாருகிட்டயும் சொல்லமாட்டேன். இப்பவும் தண்ணி இறங்கறதப் பார்த்தா மனசு தானா படியை எண்ணுதுங்க."

கோவை திரும்பும் பஸ்ஸில் அதே நினைப்புதான். எட்டுப் பகுதி. வாரத்துக்கு ஒரு பகுதியாகத்தான் வெளியிடப் போகிறார்கள். ஏன் எல்லாவற்றுக்கும் ஒரே டைட்டில்? முதல் பகுதியில் நீர் 'று'வுக்குக் கீழே நின்றுவிடட்டும். அடுத்ததில் இன்னொரு படி தெரியட்டும். ஆறாவதில் மொபெட் கண்ணாடியின் கம்பி போல ஏதோ ஒரு கோடு. எட்டாவதில் ஹேண்டில்பார். பஸ்ஸிலிருந்தே பாய்க்குப் போன் செய்தேன்.

"படத்தை எட்டாப் பண்ணலாம் பாய். ஆனா ஒரே பாட்டுத்தான் இருக்குது, அதை எப்படி எட்டுக்கும்..."

மறுபக்கம் சிரிப்புச் சத்தம். "ஏனுங்க, அன்னிக்கு நான் எத்தன பலூன் ஒடச்சேன்னு நெனைக்கறீங்க? தண்ணி ஏற ஏற ஒவ்வொரு மட்டத்துலயும் எடுத்து வெச்சிருக்கறனுங்க. என்னத்துக்கு ஆகும்னு எனக்கே தெரியல. விட மனசு வரல, அவ்வளவுதான்."

மறுநாள் அவர் மாடியில் இரண்டை மட்டும் போட்டுக் காட்டினார். நீர் நிறைந்த கிணற்றில் அடிபம்பு பக்கத்தில் கேட்டது, வீட்டு வாசலில் யாரோ அடிப்பது போல. வற்றிய கிணற்றில் அதே டணார் கீழே போய், சுவர் சுவராகத் தொட்டு, நேரம் கழித்துத் திரும்பி வந்தது. அதே தாளம், அதே குரல், ஆழம் மட்டும் கூடியிருந்தது. இன்னொரு தடவை போடச் சொன்னேன். அவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "மாஷா அல்லாஹ்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வெளியிடும் கம்பெனியிலிருந்து போனில் பேசிய அம்மா லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. எட்டு டைட்டில் என்றால் எட்டுத் தடவை சோதனை, எட்டுத் தடவை தலைவலி. தவிர, பார்க்கிறவர்கள் இரண்டாவது வாரத்திலிருந்து 'ஸ்கிப்' அழுத்திவிடுவார்கள், யாருக்காக இது என்று கேட்டார். எட்டும் ஒரே நீளம், ஒரு ஃபிரேம்கூட மாறாது, அந்த பட்டன் வருகிற இடமும் மாறாது என்று மட்டும் சொன்னேன். டைரக்டர் தன் பங்குக்கு மூன்று நாள் பேசினார். கடைசியில் "சரி, அனுப்புங்கள்" என்று ஒரு வரி வந்தது.

என் வீட்டுக்காரர் மில்லில் எலக்ட்ரீஷியன். எந்த சீரியலுக்கும் டைட்டில் பார்க்கிற ஆள் கிடையாது. நான் ஒன்றும் சொல்லிவைக்கவில்லை. முதல் வாரம் எனக்காக முழுசாகப் பார்த்தார். இரண்டாவதும் மூன்றாவதும் ரிமோட்டை எடுத்துத் தாண்டிவிட்டார். நான் சேலையின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். நாலாவது வாரம் ரிமோட் எங்கோ சோபா இடுக்கில் போய்விட்டது. தேடிக்கொண்டே திரையைப் பார்த்தவர் நின்றுவிட்டார்.

"தண்ணி கொறஞ்சிருக்குதே," என்றார்.

"அப்படியா?"

என் முகத்தைப் பார்த்தார். பிறகு சோபாவில் உட்கார்ந்து கடைசிப் பெயர் போகும் வரை பார்த்தார். அடுத்த வாரம் ஆரம்பிக்கும் முன்பே, சத்தத்தைக் கூட்டு என்றார்.

எட்டாவது வாரம் டைட்டிலில் மொபெட்டின் கைப்பிடி சேற்றிலிருந்து தலை நீட்டியது. கதையில் கிணற்றருகே யாரும் போவதற்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. அவருக்கு அப்போதே எல்லாம் புரிந்துவிட்டது. "அய்யோ, அவன் ஓடவே இல்ல," என்றார் மெதுவாக. படத்தை நிறுத்தினார். முதல் பகுதிக்குப் போய் டைட்டிலை மட்டும் போட்டார். அடுத்து இரண்டாவது. அடுத்து மூன்றாவது. ஒவ்வொன்றிலும் ஒரு படி. ஒவ்வொன்றிலும் அடிபம்பின் சத்தம் இன்னும் கீழே போனது. நான் செய்த வேலைதான். ஆனால் வரிசையாக, இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் தடவை கேட்டபோது அது நான் செய்ததாகவே தோன்றவில்லை. எட்டும் முடிந்த பிறகுதான் நிறுத்தி வைத்த பகுதிக்குத் திரும்பினோம்.