நீலாவதியின் இரண்டாம் புட்டி

நானும் அப்பாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, மண்ணெண்ணெய் அடுப்புக்குத் திரி மாற்றியது. 1987, ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்பா அமிர்தலிங்கம் தேயிலைத் தோட்ட ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி. கோலாலம்பூர் தமிழ் நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். நான் ஈப்போவில் ஆய்வுக்கூடப் பணியாளர்.

"ரெண்டாவது புட்டியிலயும் அதே சாமான் இருந்தா, மெஷின் தப்புன்னு சொல்ல முடியுமாம்மா?"

"கஷ்டம்ப்பா."

தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் இருந்த பாஞ்சாலையின் மகள் நீலாவதி மூவாயிரம் மீட்டர் ஓடுபவள். போட்டி முடிந்ததும் எடுத்த சிறுநீரை இரண்டு புட்டிகளில் முத்திரையிட்டு, பெயரில்லாமல் எண் மட்டும் எழுதி, வெளிநாட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். முதல் புட்டியில் எபிட்ரின் என்ற தடைசெய்த ஊக்கமருந்து இருந்தது. இரண்டாவதைத் திறக்கும்போது அவள் தரப்பில் ஒருவர் நிற்கலாம். தடகளச் சங்க அதிகாரி போய் நின்றார். அதிலும் எபிட்ரின். மூன்று மாதத் தடை.

'ஊசி போட்டு ஓடிய பெண்' என்று தலைப்பு வேண்டுமென்றார் நாளிதழ் ஆசிரியர், போனில்.

"ஊசின்னு யாருங்க சொன்னா? நான் சொல்லல," என்று சொல்லி அப்பா போனை வைத்துவிட்டார்.

அன்று மாலை பாஞ்சாலை வாசலில் நின்றாள்.

"டிரெசர் குடுத்த இருமல் தண்ணின்னு எழுதுங்க கிராணி. பனியில நீங்களுந்தான குடிக்கிறீங்க!"

"அவ அப்படிச் சொல்றான்னு எழுதுறேன். மருந்து எதும் சாப்பிட்டியான்னு சோதனைக்கு எடுத்தவங்க கேட்டப்ப, இல்லன்னு சொன்னாளே, அதையும் எழுதணும்."

"அது மருந்தா லா? தினம் காலைல தேத்தண்ணிக்கு முன்னாடி குடிக்கிறது!"

உண்மைதான். தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு வீட்டுப் புட்டியைக் கொண்டுபோனால், மருந்து கொடுக்கும் டிரெசர் பெரிய ஜாடியிலிருந்து ஊற்றிக் கொடுப்பார். சீட்டு ஒட்டுவதில்லை. எங்கள் லயத்தில் யாரும் அதை மருந்தென்று எண்ணியதில்லை.

"நம்ம புள்ளைய நீங்களே காட்டிக் குடுக்குறீங்க," என்று சொல்லிவிட்டு அவள் போனாள். மறுநாள் முதல் லயத்தில் ஒருவரும் அப்பாவிடம் பேசவில்லை.

செய்தி வந்தது. இரண்டு புட்டிகளின் முடிவு. உடலில் இருந்தாலே விதிமீறல், எப்படி வந்தது என்பது அதை மாற்றாது என்ற விதி. அவள் வாய்மொழி, அவள் சொன்ன 'இல்லை', இரண்டும். மேல்முறையீட்டில் முத்திரை, அனுப்பிய முறை ஆகியவற்றில் பிழை காட்டலாம். அல்லது மருந்து வந்த வழியைச் சொல்லித் தண்டனையைக் குறைக்கக் கேட்கலாம். கடைசி வரி: மேல்முறையீட்டு முடிவும் இதே பக்கத்தில் வெளிவரும்.

அதைப் படித்துத்தான் நீலாவதி மனுக் கொடுத்தாள். ஜாடியில் என்ன கலக்கிறார் என்று டிரெசர் எழுதிக் கொடுத்தார்.

விசாரணை வியாழக்கிழமை. அப்பா புதன்கிழமை ஆபீஸ் மேசையிலேயே சரிந்தார். மாரடைப்பு.

தடை நீங்கவில்லை. இருமல் மருந்தால் வந்தது, ஏமாற்றும் நோக்கமில்லை என்று விசாரணைக் குழு எழுதி, மூன்று மாதத்தை ஒரு மாதமாகக் குறைத்தது.

அப்பாவின் கருமாதிக்கு வந்த பாஞ்சாலை அடுப்படியில் என்னிடம் கேட்டாள்: "இந்த முடிவையும் பேப்பர்ல போடுறேன்னு கிராணி சொன்னாரே. எப்பம்மா வரும்?"

ஆசிரியரைக் கூப்பிட்டேன். பழைய விஷயம், இடமில்லை என்றார்.

அந்தப் பக்கத்தில் அது இன்னும் வரவில்லை.