துண்டுக்குள் சொன்ன கணக்கு

ஸ்ரீரங்கத்தை ஒட்டிய மேலூரில் குடியிருக்கும் வேணிக்கு நான்கு மாதமாகப் புருஷன் மேல் தீராத எரிச்சல். சண்டை போடுகிற புருஷன் என்றால் திருப்பிச் சண்டை போடலாம். குடிக்கிற புருஷன் என்றால் நாலு பேரைக் கூட்டி வைத்துக் கேட்கலாம். மருதை எந்த வகையிலும் சேரவில்லை. குத்துக்கல் மாதிரி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவரை என்னவென்று திட்டுவது?

மருதை மாட்டுத் தரகர். ஐம்பத்திரண்டு வயது. அரை ஏக்கர் வாழை உண்டு என்றாலும் அவர் உயிர் மணப்பாறை மாட்டுச் சந்தையில்தான் இருந்தது. செவ்வாய்க்கிழமை மத்தியானமே சலவைச் சட்டையோடு பஸ் ஏறிவிடுவார். அந்தச் சந்தையில் விலையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இரண்டு பேர் கையும் ஒரு துண்டுக்குள் போகும். பிடிக்கிற விரல்தான் விலை. சுற்றி நிற்பவர்கள் முகத்தைப் பார்த்து ஏமாற வேண்டியதுதான். திரும்பி வந்ததும் எந்தக் காளை யாரை முட்டியது, எவன் எவனிடம் ஏமாந்தான் என்று அரை நாள் கதை சொல்வார். வேணி 'போதும் நிறுத்துங்க' என்று சொல்லிக்கொண்டே கேட்பாள்.

மாசியில் அது நின்றது. "அடுத்த வாரம் போறேன்" என்றார். அடுத்த வாரமும் அதையே சொன்னார். விடிவதற்கு வெகு நேரம் முன்பே விழிப்பு வந்துவிடும். அப்புறம் தூக்கம் கிடையாது. வாழைக்குத் தண்ணீர் கட்டவில்லை. பேத்தி போனில் கூப்பிட்டால்கூட வாங்கிப் பேச மனமில்லை. ஒரு நாள் வேணி ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டாள். மனுஷர் ஒரு வார்த்தை சொல்லாமல் குடித்துவிட்டு எழுந்தார். அன்றைக்குத்தான் அவளுக்கு உள்ளுக்குள் பயம் வந்தது. ஆனால் பயம் வந்தால் கத்தித்தான் அவளுக்குப் பழக்கம்.

"எருமை மாதிரி உக்காந்திருந்தா சோறு எங்கிருந்து வரும்? சோம்பேறித்தனத்துக்கும் ஒரு அளவு வேணாமா?" என்று கத்தினாள். அவர் ஆமாம் என்று தலையாட்டினார். அதில் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

யோசனை சொல்வதற்கு ஊரில் பஞ்சமில்லை. அவரோடு தரகு பார்க்கும் தமிழ்மணி, "கண்ணு பட்டிருக்கு அண்ணி, சமயபுரத்துக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றான். போனார்கள். சன்னிதியில் வேணி அழுதாள். மருதை அங்கேயும் சுவரைத்தான் பார்த்தார். "ஆம்பளைக்கு வேலை இருந்தா எல்லாம் சரியாயிடும்" என்றாள் அக்கா. அந்த வேலைக்குத்தானே மனுஷர் போகமாட்டேன் என்கிறார்!

ஆஸ்பத்திரிக்கும் போகாமல் இல்லை. தெருமுனை கிளினிக்கில் இரண்டு தடவை காட்டினாள். டாக்டர் கேட்டபோது மருதை, "நெஞ்சுல கொஞ்சம் வாயு சார்" என்றார். ஈசிஜி எடுத்தார்கள், நார்மல். வாயு மாத்திரை கொடுத்தார்கள். வெளியே வந்ததும் வேணி நடுத்தெருவில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள். "தூக்கம் வரலைன்னு சொன்னா வாயில இருக்கிற முத்து உதுந்துடுமா?"

அவள் சர்க்கரையைப் பார்க்க மாதாமாதம் வீட்டுக்கு வரும் நர்ஸ் ஜோதிதான் அந்த முறை மருதையைக் கவனித்தவள். தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, எதிலாவது ஆசை இருக்கிறதா, எத்தனை நாளாக என்று கேட்டாள். வேணி கொட்டித் தீர்த்தாள்.

"ரெண்டு வாரம் இப்படி இருந்தாலே டாக்டர்கிட்ட காட்டணும்க்கா. நீங்க நாலு மாசம்ங்கிறீங்க. இது சோம்பேறித்தனமில்ல, நோய். வியாழக்கிழமை பெரியாஸ்பத்திரிக்கு வாங்க. மனநல டாக்டரம்மா இருப்பாங்க."

"எனக்கென்ன பைத்தியமா?" என்றார் மருதை. அந்த வாரத்தில் அவர் பேசிய நீளமான வாக்கியம் அது.

வியாழக்கிழமை வேணி அவரை ஆட்டோவில் தள்ளிக்கொண்டு போனாள். டாக்டர் மெஹ்ரீன் அவசரப்படாமல் கேட்டார்.

"இந்த ஏழு நாள்ல எத்தனை நாள் நல்லா தூங்கினீங்க?"

"தூங்குறேன்ம்மா. லேசா வாயு, அவ்வளவுதான்."

வேணிக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. இத்தனை அலைச்சலும் மறுபடி வாயு மாத்திரைக்குத்தானா? அவர் தோளில் கிடந்த துண்டை வெடுக்கென்று உருவினாள். தன் கையையும் அவர் கையையும் சேர்த்து மூடினாள்.

"வாயால சொல்ல வேணாம். இதுல சொல்லுங்க."

டாக்டர் பேனாவோடு அப்படியே பார்த்தார். துண்டுக்குள் அவளுடைய ஒரு விரலை மட்டும் மருதையின் விரல்கள் பிடித்தன.

"ஒரு நாள்தான் தூங்கினாராம்" என்றாள் வேணி.

"எதுலயும் மனசு போகாம இருந்தது எத்தனை நாள்?"

ஐந்து விரலும் அழுந்தின. பிறகு இரண்டு. "ஏழு."

"நாம எதுக்கும் லாயக்கில்ல, எல்லாருக்கும் பாரம்னு தோணினது?"

மறுபடியும் ஐந்து, இரண்டு. வேணியால் எண்ணைச் சொல்ல முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். "இதை இங்க வர்ற எல்லார்கிட்டயும் கேப்பேன், மறைக்காம சொல்லுங்க. செத்துப்போயிடலாம்னு தோணியிருக்கா?"

விரல் எதுவும் அசையவில்லை. மருதை கையைத் துண்டிலிருந்து வெளியே எடுத்தார்.

"தோணுச்சும்மா. மூணு தடவை."

எந்த மூன்று நாள்? அதில் எந்த நாளில் அவள் அவரை எருமை என்றாள்? வேணி மடியிலிருந்த துண்டைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் மேல் வந்த கோபமெல்லாம் இப்போது அவள் மேலேயே திரும்பியது.

டாக்டர் அவரிடம் தனியாகவும் கொஞ்ச நேரம் பேசினார். பிறகு வேணியை அழைத்து விளக்கினார். மனச்சோர்வு நோய் இது. சோம்பலோ பைத்தியமோ இல்லை. தைராய்டு, ரத்தசோகை இருந்தாலும் இப்படி ஆகலாம் என்பதால் ரத்தப் பரிசோதனையும் எழுதினார்.

"மாத்திரை வேலை செய்ய ரெண்டுலேர்ந்து நாலு வாரம் ஆகும். முதல்ல வயித்தைப் புரட்டலாம். நீங்களா நிறுத்தக் கூடாது. வாரா வாரம் கவுன்சலர்கிட்ட பேசணும். இவரைத் தனியா விடாதீங்க. தோட்டத்துப் பூச்சி மருந்து வீட்ல இருக்கவே கூடாது. அந்த நினைப்பு வந்தா உடனே இங்க வாங்க. இல்லேன்னா 14416க்குப் போன் பண்ணுங்க, எந்நேரமும் எடுப்பாங்க."

பூச்சி மருந்து டின்களை அன்றே தமிழ்மணியை வரச்சொல்லிக் கொடுத்தனுப்பினாள். எதற்கு அண்ணி என்று கேட்டான். மூடி மறைக்க அவளுக்குத் தெம்பில்லை. சொல்லிவிட்டாள். அவன் கண்ணு பட்டது பற்றி மறுபடி பேசவில்லை.

மாத்திரை சாப்பிட்டால் மறுநாளே சந்தைக்குக் கிளம்பிவிடுவார் என்று அவள் மனதுக்குள் ஆசைப்பட்டிருந்தாள். பத்து நாள் ஆயிற்று; குமட்டல்தான் மிச்சம். "இதுவும் வேஸ்ட்" என்றார். அவளுக்கும் மாத்திரையைத் தூக்கிக் கொல்லையில் எறியலாம் போலத்தான் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தண்ணீரோடு நீட்டினாள்.

மூன்றாவது வாரம் டாக்டர் கேட்டார். "தூக்கம் எப்படி?"

வேணி வாயைத் திறந்தாள். மருதை கையமர்த்தினார்.

"மூணு நாள் நல்லா தூங்கினேன்ம்மா. மத்த நாள் பழைய மாதிரிதான்."

"செத்துப்போற நினைப்பு?"

"செவ்வாய்க்கிழமை வந்துச்சு. இவகிட்ட சொல்லிட்டேன்."

சொன்னார்தான். வேணி தோசைக்கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்று, "வேணி, இன்னிக்கு ரொம்ப மோசமா இருக்கு. என்னைத் தனியா விடாதே" என்றார். ஒரு வார்த்தை கத்தாமல், சாம்பல் கையோடு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பிறகு போனை எடுத்து, டாக்டர் சொன்ன அந்த 14416ஐ அவரையே அழுத்தச் சொன்னாள். அவர் பேசப் பேச, பிடித்த கையை அவள் விடவில்லை.