ஓரத்தில் மின்னிய வெளிச்சம்

சோணைமுத்துவுக்கு முப்பத்தோரு வயது. உசிலம்பட்டிக்காரன். நாகமலை புதுக்கோட்டையில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில், ஐந்து பேர் சேர்ந்து மொபைல் கேம் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் நான்கு வருடமாக வேலை பார்த்தான். திரையில் விரல் படுகிற சமாச்சாரம் எல்லாம் அவன் பொறுப்பு. பட்டன், ஐகான், உயிர் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் கோடு, மெனு எல்லாமே அவன் கையால் வந்தவை. வேலையில் கெட்டிக்காரன். தன் வேலையில் குறை சொன்னால் முகம் சுண்டிவிடும். அந்த ஒரு குணம் மட்டும் கொஞ்சம் தொந்தரவு.

அந்த வருடம் அவர்கள் செய்த கேமில் ஒரு வீரன் மலைக்கோட்டையைக் காவல் காப்பான். எதிரிகள் நாலா பக்கமிருந்தும் ஏறி வருவார்கள். திரையின் வலது கீழ்மூலையில் வேல், கேடயம், பாய்ச்சல் என்று மூன்று வட்ட ஐகான்கள். வேலை ஒரு முறை எறிந்துவிட்டால் மறுபடி எறிய ஆறு விநாடி காத்திருக்க வேண்டும். அதுவரை ஐகான்மேல் ஒரு கறுப்பு நிழல் மூடியிருக்கும். உச்சியில் தொடங்கி, கடிகார முள் போகிற திசையில் அந்த நிழல் விலகிக்கொண்டே வந்து, சுற்று முடிந்ததும் ஐகான் பளிச்சென்று ஒரு தரம் மின்னி, தயார் என்று சொல்லும்.

முதலில் அது குலுங்கிக் குலுங்கித்தான் நகர்ந்தது. விநாடிக்கு ஒரு தரம் கணக்கு பார்த்ததால், ஆறில் ஒரு பங்கு நிழல் ஒரே தாவலாகத் தாவியது. சோணைமுத்து அதை மாற்றினான். திரை ஒவ்வொரு தரம் வரையப்படும்போதும், மிச்சமிருக்கும் நேரத்தை மொத்த நேரத்தால் வகுத்து, அந்த அளவுக்கே நிழலை வைத்தான். நிழல் எண்ணெயில் வழுக்குகிற மாதிரி சுற்றியது. மின்னுவதிலும் ஒரு சிக்கல் இருந்தது. மிச்ச நேரம் சரியாகச் சைபருக்கு வந்து நிற்கவே நிற்காது, தாண்டிப் போய்விடும். அதனால் சைபரோ அதற்குக் கீழோ போன அந்தக் கணத்தில், ஒரே ஒரு முறை மின்ன வேண்டும் என்று எழுதினான். கால் விநாடிக்கு ஒரு வெள்ளை ஒளி. ஐகான் லேசாக உப்பி அடங்கும்.

வேலை முடிந்தது என்று நினைத்தபோதுதான் வினை தொடங்கியது. டேப்லெட்டில் விளையாடிப் பார்த்தால் மின்னல் வரவில்லை. ஐகானையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒழுங்காக மின்னுகிறது. வீரனைப் பார்த்துச் சண்டை போட ஆரம்பித்தால் மின்னுவதே இல்லை. வேல் எப்போது தயாராகிறது என்று தெரியாமல் அவன் ஒவ்வொரு ஆட்டத்திலும் செத்தான்.

“எதிரிக் கூட்டம் அதிகமாறப்ப கேம் திணறுது. மின்னல் வர்ற கட்டத்தையே அது முழுங்கிருது,” என்று முடிவு கட்டினான்.

கேமை விளையாடிப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது தாமரைச்செல்வியின் வேலை. அலங்காநல்லூர்ப் பெண், காலேஜ் முடித்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஒப்பந்தத்தில்தான் இருந்தாள். அவளிடம் டேப்லெட்டைக் கொடுத்தான். அவள் நாற்பது ஆட்டம் ஆடிவிட்டு வந்தாள்.

“எல்லாத் தடவையும் மின்னுதுண்ணே.”

“கூட்டம் வர்றப்ப?”

“அப்பவும் மின்னுது. நல்லாத்தான் இருக்கு.”

“எனக்கு மின்னலயே. நீ ஒழுங்காப் பாக்கல, செல்வி. ஐகானையே பாத்துக்கிட்டு ஆடிருப்ப.”

“இல்லண்ணே. ஐகானப் பாக்கவே இல்ல. ஓரக்கண்ணுலயே தெரியுது.”

இதே பேச்சு நான்கு நாள் நடந்தது. அவள் எழுதித் தந்த அறிக்கையில் ‘குறை இல்லை’ என்றே இருந்தது. பெங்களூரிலிருந்து கேமை வாங்க வருகிறவர்களுக்குக் காட்ட இன்னும் பத்து நாள்தான். ஐந்தாம் நாள் சோணைமுத்து முதலாளி தமிழ்மாறனிடம் போய்ப் பொரிந்து தள்ளினான். “அண்ணே, அந்தப் பிள்ளை விளையாடாமலே எழுதித் தருது. கண்ணு முன்னால இருக்க குறையை இல்லைன்னு சாதிக்குது. இத வச்சுக்கிட்டு எப்படி வெளியிடுறது?”

தமிழ்மாறன் கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கு அப்போது யாரையாவது நம்பியாக வேண்டும். நான்கு வருடம் கூட இருந்தவனை நம்பினார். மாதக் கடைசியோடு போதும் என்று தாமரைச்செல்வியிடம் சொல்லிவிட்டார். அவள் மாதக் கடைசிவரை நிற்கவில்லை. அன்றைக்கே மேசையிலிருந்த தண்ணீர் பாட்டிலையும் சார்ஜரையும் பையில் போட்டுக்கொண்டு, படியிறங்கிப் போனாள். அவள் போனபோது சோணைமுத்து தலையைத் திருப்பவில்லை.

அடுத்த வாரம் அவன் தன் குறையைத் தானே தேட ஆரம்பித்தான். மின்னல் கிளம்பும் ஒவ்வொரு முறையும் ஒரு வரி பதிவாகும்படி செய்தான். ஓர் ஆட்டத்தில் இருபத்து மூன்று முறை வேல் எறிந்திருந்தான். இருபத்து மூன்று வரிகள் இருந்தன. கிளம்பியும் திரைக்கு வராமல் போகிறதோ என்று ஆட்டத்தைத் திரையோடு வீடியோவாகப் பதிந்து, படம் படமாக நகர்த்திப் பார்த்தான். பட்டப்பகல் பதினொரு மணி. ஜன்னல் வழியே பல்கலைக்கழகத்துக்குப் போகும் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

மின்னல் இருந்தது. கூட்டத்துக்கு நடுவிலும் இருந்தது. இருபத்து மூன்று முறையும் ஐகான் வெள்ளையாகப் பூத்து அடங்கியிருந்தது.

வீடியோவைப் பெரிய திரையில் ஓடவிட்டு, வீரனின் தலைமேல் விரலை வைத்து, விரலை மட்டும் பார்த்தான். மூலையில் ஒன்றும் நடக்கவில்லை. கண்ணை அங்கே திருப்பினான், மின்னியது. மறுபடி விரலைப் பார்த்தான், இல்லை. வலது கண்ணை மூடிப் பார்த்தான். இடது கண்ணை மூடிப் பார்த்தான். பிறகு வீடியோவைச் சின்னதாக்கி, விரலுக்குப் பக்கத்தில், இன்னும் பக்கத்தில் கொண்டுவந்தான். ஒரு ஜாண் தள்ளி இருக்கும்வரை இல்லாத மின்னல், நாலு விரற்கடைக்குள் வந்ததும் பளிச்சென்று தெரிந்தது.

போன வருடம் இரண்டு தரம் பைக்கில் விழுந்ததும், இருட்டினால் தடுமாறுவதும், ஆபீஸ் நாற்காலிகளில் தினமும் முட்டி இடித்துக்கொள்வதும் வரிசையாக நினைவுக்கு வந்தன. எல்லாவற்றுக்கும் அவன் ஒரு காரணம் வைத்திருந்தான். ரோடு சரியில்லை, லைட் சரியில்லை, நாற்காலியை யாரோ நகர்த்திவிட்டார்கள்.

அதற்கடுத்த வாரம், மதுரையில் கண் ஆஸ்பத்திரிக்கு அம்மா ஒச்சாயியும் கூட வந்தாள். ஒரு கிண்ணம் போன்ற கருவிக்குள் தாடையை வைத்து, நடுப்புள்ளியை மட்டும் பார்க்கச் சொன்னார்கள். சுற்றிலும் எங்காவது வெளிச்சப் பொட்டு தெரிந்தால் கையிலிருக்கும் பட்டனை அழுத்த வேண்டும். சோணைமுத்து பட்டனைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். வெகுநேரம் அழுத்த ஒன்றும் வரவில்லை. கருவி மட்டும் உள்ளே மெல்ல முனகிக்கொண்டிருந்தது. “முடிஞ்சிருச்சா சிஸ்டர்?” என்று கேட்டான். “இல்ல சார், ஓடிக்கிட்டுதான் இருக்கு,” என்றாள் அந்தப் பெண்.

டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். விழித்திரை ஓரத்திலிருந்து உள்நோக்கி அழிந்துகொண்டு வருகிறது. பிறவியிலேயே ரத்தத்தில் வந்தது. நடுப்பார்வை பல வருடம் நிற்கலாம். எத்தனை என்று சொல்ல முடியாது. போனதைத் திருப்ப இப்போதைக்கு அவர்களிடம் மருந்து இல்லை. இனி வண்டி ஓட்டக் கூடாது.

“அப்பா அம்மா சொந்தத்துலயா கல்யாணம் பண்ணுனாங்க?” என்று கேட்டார்.

“என் தாய்மாமனத்தான் கட்டுனேன்,” என்றாள் ஒச்சாயி.

சொந்தத்தில் கட்டினால் இந்த நோய் வர வாய்ப்பு கூடும். அது யார் குற்றமும் இல்லை என்று டாக்டர் விளக்கினார். ஒச்சாயிக்கு முதல் பாதி மட்டுமே காதில் விழுந்தது. வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்தவள், மகன் கையைப் பிடித்துக்கொண்டாள். “எனக்கு எதுவும் தெரியாதுய்யா. கேட்டாக, கட்டிக் குடுத்தாக. உன் கண்ணப் பிடுங்கத்தானா நான் அந்த மனுசனுக்குக் கழுத்த நீட்டுனேன்?”

“சும்மா இரும்மா,” என்றான்.

மறுநாள் தமிழ்மாறனிடம் எல்லாவற்றையும் சொன்னான். “அந்தப் பிள்ளைய நாந்தானடா அனுப்புனேன்,” என்றார் அவர். உடனே அவளுக்குப் போன் போட்டார். தாமரைச்செல்வி மரியாதையாகப் பேசி, வரவில்லை என்று சொல்லிவிட்டாள். மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு துணிக்கடையில் பில் போடச் சேர்ந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோணைமுத்து இரண்டு பஸ் மாறி அலங்காநல்லூருக்குப் போனான். வாசலில் அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் கையிலிருந்த துணியை வாளியிலேயே போட்டாள்.

“வாங்கண்ணே,” என்றாள். குரலில் வரவேற்பு இல்லை.

நின்றபடியே சொன்னான். வீடியோவைப் பார்த்தது, விரலை வைத்துப் பார்த்தது, டாக்டர் சொன்னது, எல்லாம். “குறை என் கண்ணுலதான் இருந்துச்சு, செல்வி. நீ சொன்னது அம்புட்டும் சரி. உன் வேலைய நான் கெடுத்துட்டேன். மன்னிச்சிரு.”

அவள் முகம் முதலில் கோபத்தில் இறுகி, பிறகு கலங்கியது. “அன்னைக்கு ஒரு நாள் ஆபீஸ்ல உங்களுக்குப் பொங்கல் நீட்டுனேன், ஞாபகமிருக்கா? பக்கத்துலயே நின்னு நீட்டுனேன். நீங்க திரும்பிக்கூடப் பாக்கல. எம்மேல அம்புட்டு வெறுப்பான்னு நினைச்சேன்.”

“நீ நின்னதே தெரியலம்மா.”

“இப்பத்தானே தெரியுது.” மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “வேலை போனாப் போகுதுண்ணே. வேலை செய்யாம ஏமாத்துனதா சொல்லி அனுப்புனாகன்னு எங்கப்பாவுக்குத் தெரிஞ்சு போச்சு. அவரு மூணு வாரமா எங்கிட்ட முகம் குடுத்துப் பேசல. அதச் சரி பண்ணுங்க. எனக்கு வேற எதுவும் வேணாம்.”

அப்பா ஜெயபாண்டி கொல்லையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். சோணைமுத்து போகும் வழியில் கிடந்த கலப்பையில் இடறி, சுவரைப் பிடித்து நின்றான். அவரிடம் மறுபடி முதலிலிருந்து சொன்னான். ஐகான், நிழல், மின்னல் எதுவும் அவருக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை. “உங்க மக சொன்னதுதான் நிஜம். பொய் சொன்னது நான். தெரியாம சொன்னாலும் பொய்தான்,” என்றது மட்டும் புரிந்தது.

ஜெயபாண்டி வாளியைக் கீழே வைத்தார். மகளைப் பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். “சாப்ட்டியா ஆத்தா?” என்று மட்டும் அவளிடம் கேட்டார். அவள் விசும்பி அழுதாள்.

சற்று நேரம் கழித்து அவர் சோணைமுத்து பக்கம் திரும்பினார். “கல்யாணம் ஆயிருச்சாப்பா?”

“இல்லைங்கய்யா.”

“ம்,” என்றார். அவன் கண்களை ஒரு தரம் பார்த்துவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டார்.

வெயில் தாழ்ந்துவிட்டது. இன்னும் அரை மணியில் மங்கிவிடும் என்று சோணைமுத்துவுக்குத் தெரியும். மங்கினால் தனக்கு என்ன ஆகும் என்பதும் இப்போது தெரியும். கிளம்பினான். தாமரைச்செல்வி செருப்பைப் போட்டுக்கொண்டு கூடவே வந்தாள். வேண்டாம் என்று சொல்ல நினைத்தான், சொல்லவில்லை. வழியில் பள்ளம் வந்தபோது, “இங்க குழி இருக்கு,” என்றாள்.

பஸ் வந்தது. கூட்டம் முண்டியடித்தது. படிக்கட்டுக் கம்பி எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாமல் அவன் கை காற்றில் துழாவியது. அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக் கம்பியில் வைத்தாள்.

“நான் உங்கள மன்னிச்சிட்டேனான்னு எனக்கே தெரியலண்ணே. பாத்துப் போங்க,” என்றாள்.

அவன் தலையாட்டினான். கம்பியை இறுக்கிப் பிடித்தபடி ஒவ்வொரு படியாகக் காலால் தேடி ஏறினான்.