கட்டைவிரலுக்குக் கீழே அறுபதாயிரம்

யூஜினாவின் கைப்பேசியைத் திறந்தால் சொந்தப் பிள்ளைகளின் படத்தைவிட ஊராரின் சம்பளச் சிலிப்புகள்தான் அதிகம். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் முகவர் கம்பனியில் இருபத்திரண்டு வருஷமாகச் சம்பளப் பிரிவில் வேலை. அதனால் கொட்டாஞ்சேனையில் அவள் குடியிருக்கும் நான்கு மாடிக் கட்டடத்தில் யாருக்குச் சம்பளம் இடித்தாலும் படம் பிடித்து அவளுக்குத்தான் அனுப்புவார்கள். அவளும் ஒரு சதம் வாங்காமல் பார்த்துக் கொடுப்பாள். புண்ணியத்துக்கு என்று நினைத்துவிட வேண்டாம். அடுத்தவன் கம்பனியில் பிழை பிடிப்பது அவளுக்கு அவ்வளவு இஷ்டம்.

அவளுக்கென்று இரண்டு பிடிவாதங்கள் உண்டு. முதலில் கூட்டிப் பார்ப்பாள், பிறகுதான் வாசிப்பாள். அடுத்தது, யாரையும் சண்டைக்கு அனுப்ப மாட்டாள். கேட்க வேண்டிய வரிகளை மட்டும் ஒரு தாளில் கேள்வியாக எழுதிக் கொடுப்பாள். சத்தம் போட்டுக்கொண்டு கவுண்டருக்கு வந்தவர்களை இரண்டு மாதம் இழுத்தடித்த கை அவளுடையது. தாளோடு வந்து அமைதியாகக் கேட்டவர்களுக்கு அன்றைக்கே பதில் சொன்னதும் அதே கைதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, மீனைக் கழுவி வைத்துவிட்டுக் கைப்பேசியை எடுத்தாள். மேல்மாடி ஹம்சிகாவின் படம் வந்திருந்தது. ஹம்சிகாவுக்கு நாற்பத்தொரு வயது. வெள்ளவத்தையில் பெரிய துணிக்கடை ஒன்றில் மேற்பார்வையாளர். தாய் பத்மாவதியோடு தனியே இருந்தாள். படம் சரிந்திருந்தது. தாளைப் பிடித்த கட்டைவிரல் வருமானப் பக்கத்தில் ஒரு வரியை முழுதாக மூடியிருந்தது.

யூஜினா வழக்கம்போலக் கூட்டினாள். அடிப்படைச் சம்பளம் ஐம்பத்திரண்டாயிரம். ஓவர்டைம் எட்டு மணித்தியாலம், மூவாயிரத்து நூற்றிருபது. போக்குவரத்துப் படி ஐயாயிரம். மொத்தம் அறுபதாயிரத்து நூற்றிருபது. ஆனால் சிலிப்பின் அடியில் மொத்த வருமானம் ஒரு லட்சத்து இருபதாயிரத்து நூற்றிருபது என்றிருந்தது. கழிவுப் பக்கம் ஊழியர் சேமலாப நிதி நாலாயிரத்து நூற்றறுபது, கன்டீன் ஆயிரத்து எண்ணூறு, முத்திரை இருபத்தைந்து. அதையெல்லாம் கழித்துப் பார்த்தால் கைக்கு வந்த தொகை அச்சொட்டாகச் சரி. ஆக, அந்தக் கட்டைவிரலுக்குக் கீழே அறுபதாயிரம் ரூபாய் இருந்தது.

'விரலை எடுத்துப்போட்டு இன்னொரு படம் எடும்' என்று அனுப்பினாள்.

இரண்டு நீலக்கோடும் விழுந்தன. பதில் வரவில்லை. மேலே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் நின்றது. மீன் ஆறாவது தடவையாகக் கழுவப்பட்ட பிறகு படம் வந்தது. இந்தத் தடவை விரல் இல்லை.

மரண உதவி - தகப்பன் - 60,000.00.

யூஜினா மீன் சட்டியைத் தள்ளிவைத்துவிட்டு அந்த வரியை மறுபடி வாசித்தாள். ஹம்சிகாவின் தகப்பன் கதையை அந்தக் கட்டடம் முழுவதும் அறியும். யோகநாதன் என்று பெயர். தொண்ணூற்றேழில், வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் குடும்பமாகத் தங்கியிருந்தபோது, பாண் வாங்கிவரக் காலையில் இறங்கினவர் திரும்பி வரவில்லை. பிடித்தார்களா, கொன்றார்களா, எங்கேயாவது கப்பல் ஏறினாரா, ஒன்றும் தெரியாது. பத்மாவதி ஏறாத பொலிஸ் நிலையம் இல்லை, கொடுக்காத மனு இல்லை. இருபத்தெட்டு வருஷமாக அவர் நெற்றியில் குங்குமப் பொட்டு இருக்கிறது. அதை வைக்கவும் முடியாமல், அழிக்கவும் முடியாமல் ஒரு பொம்பிளை படும் பாட்டை எந்த அலுவலகமும் எந்தப் பத்திரத்திலும் நிரப்பச் சொல்லிக் கேட்கவில்லை.

கதவு தட்டப்பட்டது. ஹம்சிகா சிலிப்போடு நின்றாள்.

"நான் வேணுமெண்டுதான் மறைச்சனான் அக்கா. நீங்களாக் கண்டுபிடிச்சாத்தான் அது உண்மையிலயே இருக்கு எண்டு நம்பலாம்போல இருந்தது."

"பிழையா அடிபட்டிருக்கும் பிள்ளை. வேற ஆற்றையோ உமக்கு வந்திருக்கும்." சொல்லும்போதே யூஜினாவின் கண் அடுத்த வரிகளுக்கு ஓடியது. அந்தக் கண்ணை அவளால் கட்டிவைக்க முடியாது. "இது என்ன, விசேட விடுமுறை மூண்டு நாள்? பத்து, பதினொண்டு, பன்னிரண்டு. நீர் லீவு எடுத்தனீரோ?"

"இல்லையே. நான் கடையிலதான் நிண்டனான். பதினோராம் திகதி ரெண்டு மணித்தியாலம் ஓவர்டைமும் செய்தனான்."

அதுதான் பத்துக்குப் பதில் எட்டு. நாள் தவறாமல் வந்தால் கிடைக்கும் மூவாயிரத்தையும் காணவில்லை. சிலிப்பின்படி ஹம்சிகா அந்த மூன்று நாளும் ஒரு செத்த வீட்டில் இருந்திருக்கிறாள்.

"உங்கட கடையில ஆருக்கும் சாவு நடந்தா எல்லாரிட்டையும் பிடிக்கிறவைதானே?"

"ஓம், தலைக்கு இருநூறு. எந்த பிராஞ்சில நடந்தாலும்."

"உம்மிட்டப் பிடிக்கேல்லையே."

ஹம்சிகா தன்னோடு வேலை செய்யும் ஷஹீமாவிடம் கேட்டு அனுப்பினாள். இரண்டு நிமிஷத்தில் ஷஹீமாவின் சிலிப்பும் படமாக வந்தது. கழிவுப் பக்கத்தில் மரண உதவி இருநூறு என்று தெளிவாக இருந்தது. யூஜினா மனதுக்குள் கணக்குப் போட்டாள். முந்நூறு பேரிடம் இருநூறு, அறுபதாயிரம். செத்த வீட்டுக்காரரிடம் மட்டும் பிடிப்பதில்லை. விரல் தவறி ஒரு இடத்தில் தொகை விழலாம். பணமும் வந்து, விடுமுறையும் விழுந்து, கழிவும் விலகி, மூன்றும் ஒரே ஆளில் தவறி விழுமா? பேய் வந்து சிலிப் அடிக்காது. யாரோ ஒரு துண்டுக் கடதாசியைப் பார்த்துத்தான் அடித்திருக்கிறார்கள். அந்தக் கடதாசியில் ஹம்சிகாவின் தகப்பன் செத்திருக்கிறார்.

ஹம்சிகா மெல்லச் சொன்னாள். "பத்தாம் திகதி காலமை அம்மான்ர குங்குமச் சிமிழைக் காணேல்லை. வீடெல்லாம் தேடினம். அண்டைக்கு முழுக்க அவ வெறும் நெத்தியோட இருந்தவ. என்ர நினைவில முதல் தரம். பின்னேரம் நான்தான் கடையால வரேக்க புதுசு வாங்கிவந்தனான்."

மேலே பத்மாவதி நடந்துகொண்டிருந்தார். சமையலறையிலிருந்து யன்னல் வரைக்கும், யன்னலிலிருந்து சமையலறை வரைக்கும். இத்தனை வருஷம் காதில் விழுந்த சத்தம்தான், இன்றைக்கு யூஜினா தலையை நிமிர்த்திக் கேட்டாள்.

வேறென்ன செய்வது என்று தெரியாததால் தாளை எடுத்தாள். அவளுக்குத் தெரிந்த ஒரே மருந்து அதுதான். சேமலாப நிதி அடிப்படைச் சம்பளத்தில் எட்டு வீதம், சரி, கேட்கத் தேவையில்லை. முதலாளி கட்டும் பன்னிரண்டு வீதமும் நம்பிக்கை நிதி மூன்று வீதமும் கீழே குறிப்பாக மட்டும் இருக்கின்றன, ஹம்சிகாவின் கையிலிருந்து போகவில்லை, சரி. வருமான வரி வெட்டவில்லை, வழமையான சம்பளம் அந்த எல்லைக்குக் கிட்டவும் இல்லை. கேட்க வேண்டியவற்றை மட்டும் எழுதினாள். மரண உதவி எந்தப் பத்திரத்தின் பேரில் போடப்பட்டது, அதன் பிரதியைக் காட்ட முடியுமா? மூன்று நாள் விடுமுறையை யார் பதிந்தது, விரல் பதியும் மெஷினில் அந்த மூன்று நாளும் என்ன இருக்கிறது? வரவுக்கான மூவாயிரமும் இரண்டு மணித்தியால ஓவர்டைம், மணிக்கு முந்நூற்றுத் தொண்ணூறுபடி எழுநூற்றெண்பதும் எங்கே? இந்த மாத இருநூறு ஏன் பிடிக்கப்படவில்லை?

"அந்தக் காசில கை வைக்காதேயும். முதல் கேள்விக்குப் பதில் வந்தா மற்றதெல்லாம் தானா வரும்" என்றாள். வந்துவிடுமோ என்றுதான் அவளுக்குப் பயம்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஹம்சிகா வந்தாள். செருப்பைக் கழற்றாமலே கதிரையில் அமர்ந்து கைப்பேசியை நீட்டினாள். மரணச் சான்றிதழ் ஒன்றின் படம். கந்தையா யோகநாதன். பிறந்த இடம் காரைநகர். பிறந்த திகதி, ஹம்சிகாவின் பிறப்புச் சான்றிதழில் தகப்பனுக்கு எழுதியிருக்கும் திகதியோடு ஒத்துப்போனது. இறந்த இடம் கல்கிசை. இறந்த நாள் ஒன்பதாம் திகதி.

"கல்கிசை பிராஞ்சில உஷாந்தி எண்டு ஒரு பிள்ளை. ரெண்டு வருஷமா வேலை செய்யுதாம். அதின்ர அப்பாவாம்."

யூஜினாவுக்குப் பிடிபட்டது. இப்படிப்பட்ட பிழையை அவளே இரண்டு தடவை திருத்தியிருக்கிறாள். கிளை முகாமையாளர் 'மிஸ் யோகநாதனின் தகப்பன் தவறிவிட்டார்' என்று எழுதி அனுப்பியிருப்பார். தலைமை அலுவலகத்துச் சிங்களப் பிள்ளைக்கு அது குடும்பப் பெயர். நமக்கு அது தகப்பன் பெயர் என்று அவளுக்கு யார் சொன்னது? குடும்ப விபரப் பதிவில் தேடியிருப்பாள். தகப்பன் கந்தையா யோகநாதன் என்றதும் முதலில் வந்த மிஸ் யோகநாதனுக்கு எல்லாவற்றையும் போட்டுவிட்டாள். பாவம், அவள் பார்த்த அளவில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் இதில் கொடுமை.

"ரெண்டு பேருக்கும் ஒரே தகப்பன் பேர் எண்டு அந்தத் தலைமை அலுவலகப் பிள்ளை சிரிச்சுக்கொண்டு மன்னிப்புக் கேட்டுது அக்கா. நானும் சிரிச்சனான். வேற என்ன செய்யிறது?" ஹம்சிகா கைப்பேசியைத் திருப்பி வாங்கினாள். "கல்கிசை. நான் ஒவ்வொரு நாளும் ஏறுற அதே காலி வீதி பஸ்தான் அங்க போகுது. நான் வெள்ளவத்தையில இறங்கிறன். இறங்காமல் இருந்திருந்தா அரை மணித்தியாலம்கூட இல்லை."

"அம்மாவுக்கு?"

"சொல்லமாட்டன். பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்கள் எண்டு அழுது அழுது அவ ஒரு மாதிரி வாழ்ந்திட்டா. இதைச் சொல்லி நான் அவவ இப்ப விதவையாக்கிறதோ, வாழாவெட்டியாக்கிறதோ?"

யூஜினா அழுதாள். ஹம்சிகா அழவில்லை. அறுபதாயிரத்தையும் மறுநாளே வங்கியில் திருப்பிக் கட்டிவிட்டு, ரசீதையும் படமெடுத்து அனுப்பினாள்.

அடுத்த மாதம் சிலிப் வந்தது. இந்தத் தடவை படம் நேராக, விரல் எதையும் மறைக்காமல் இருந்தது. ஹம்சிகா படத்தோடு தானும் இறங்கி வந்திருந்தாள். நிலுவை மூவாயிரம், சரி. நிலுவை ஓவர்டைம் எழுநூற்றெண்பது, சரி. சேமலாப நிதி சரி. கன்டீன் சரி. பேனை கழிவுப் பக்கத்தின் கடைசி வரியில் வந்து நின்றது.

மரண உதவி, சென்ற மாதம் - 200.00.

"இதக் கேக்கலாம்" என்று யூஜினா எழுந்தே விட்டாள். "செத்தவரின்ர பிள்ளையிட்டப் பிடிக்கக் கூடாது. நீரும் பிள்ளைதானே. அறுபதில பாதிக்கே கேள்வி கேக்கலாம். பிறப்புச் சான்றிதழை வைச்சு நான் எழுதித் தாறன்."

ஹம்சிகா அவள் கையிலிருந்து பேனையை மெதுவாக வாங்கி மேசையில் வைத்தாள்.

"விடுங்கோ அக்கா. செத்த வீட்டுக்குப் போகேல்லை, கொள்ளி வைக்கேல்லை, ஒரு பூ வாங்கிப் போடேல்லை. கடையில முந்நூறு பேரும் குடுத்ததத்தான் நானும் குடுத்திருக்கிறன். என்ர அப்பாவுக்கு நான் செய்த செலவு அந்த இருநூறு மட்டுந்தான். அது இருக்கட்டும்."

மேலே யன்னல் வரைக்கும் வந்த காலடி நின்றது. "ஹம்சிகா, கடைக்குப் போறதெண்டா குங்குமமும் வாங்கி வா பிள்ளை, முடியப்போகுது" என்று பத்மாவதி கூப்பிட்டார்.

"ஓம் அம்மா" என்றாள் ஹம்சிகா.

யூஜினா பேனையை எடுத்து, அந்த வரிக்கும் ஒரு சரி போட்டாள்.