ஏழாவது மாடி என்று எழுதாத கடிதம்

அலுவலகத்தில் அவளுக்கு 'முழுவிவரம்' என்று பட்டப்பெயர். ஆள் எடுக்கும் பிரிவில் ஒப்பந்த வேலை. அவள் அனுப்பும் நேர்முகத் தேர்வு அழைப்பில் தேதி, கிழமை, அவரவருக்கான மணி இருக்கும். முதலில் இருபது நிமிட எழுத்துத் தேர்வு, பிறகு அரைமணி நேரம் கேள்வி என்று இருக்கும். எதிரே உட்காரப்போகும் மூவரின் பெயர், பதவி, எடுத்துவர வேண்டிய அசல் சான்றிதழ்கள், எத்தனை நகல், எந்த வாசல், எந்த மாடி, எல்லாம் ஒரே பக்கத்தில். கடைசி வரியில் அவள் மேஜைத் தொலைபேசி எண், பத்து முதல் ஐந்து வரை. நான்கு வருடத்தில் அந்த எண்ணை அழைத்தவர்களில் பெரும்பாலோர் எண் மாறி அழைத்தவர்கள்.

அதுவே வினையாயிற்று. ஒப்பந்தம் முடியப் பத்து நாள் இருக்கையில் மேலாளர் வந்து நின்றார்.

"உங்க போன் அடிச்சு நான் கேட்டதே இல்லையேம்மா."

"கேக்கறதுக்கு ஒண்ணும் மிச்சம் வைக்கிறதில்ல சார்."

"அவரப் பாருங்க, மூச்சு விட நேரமில்ல."

பக்கத்து மேஜைக்காரர் இரண்டு காதிலும் போனை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். அவர் அனுப்பும் தேர்வு அழைப்பில் தேதி மட்டும்தான் இருக்கும்.

"வேலை நடக்குதுன்னு மேல காட்டணும்ல. இல்லேன்னா என்னன்னு எழுதி நீட்டிக்கச் சொல்றது?"

கணவனின் கடை மூடிக் கிடந்தது. அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

"ஒரு வரிய விட்டுத் தொலையேன்," என்றான் அவன்.

"எந்த வரிய?"

"எதையாவது. உனக்கு இதுக்கும் ஒரு பட்டியல் வேணுமா?"

மறுநாள் எட்டுப் பேருக்கு அழைப்பு போயிற்று. மாடி எண் மட்டும் இல்லை. தன் பல்லைத் தானே பிடுங்கிக்கொண்டது போலிருந்தது. தொலைபேசி ஓயாமல் அடித்தது. ஏழு பேர் கேட்டார்கள். மாடியைச் சொன்னதும் தைரியம் வந்து, மற்றதையும் ஒருமுறை கேட்டுக்கொண்டார்கள். மேலாளர் கடந்து போகையில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

எட்டாவது ஆள் கேட்கவில்லை. தேர்வு நாளன்று அவள் கீழே லிஃப்ட் வாசலில் போய் நின்றாள். அவன் படிக்கட்டிலிருந்து வியர்க்க வியர்க்க இறங்கி வந்தான். கையில் நகல்கள், சொன்னபடியே இரண்டு செட்.

"நாலாவது வரைக்கும் ஏறிப் பாத்துட்டேங்க. ரெண்டுல ஒரு பல் டாக்டர், உக்காரச் சொல்லிட்டாரு."

"போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே?"

"பத்துலேருந்து அஞ்சுன்னு போட்டிருந்தீங்க. எனக்கும் அதே நேரம்தான் வேலை. அங்க நின்னு இத எப்படிக் கேக்கறது?"

அவள் அவனை லிஃப்டில் ஏற்றி ஏழாம் எண்ணை அழுத்தினாள். மேலே போய், தாமதம் தன் தவறு என்று தேர்வாளர் மூவரிடமும் சொல்லி அவனை உட்கார வைத்தாள்.

அந்த வாரமே நீட்டிப்புக் கடிதம் வந்தது. எந்தத் தேதியிலிருந்து, எத்தனை மாதம் என்று அதில் இல்லை. அவள் மேலாளரைப் போனில் அழைத்துக் கேட்டாள்.

"பாத்தீங்களா," என்றார் அவர், "இப்பதான் இது ஆபீஸ் மாதிரி இருக்கு."