தொடையில் இல்லாத கொழுப்பு

சக்குபள்ளம் பக்கத்து ஏலத்தோட்டத்தில் இன்பமேரியின் கால்களைப் பற்றிப் பேசாத பெண்கள் குறைவு. கெண்டைச்சதை உருண்டு இறுகி நிற்கும். அதன்மேல் நரம்புகள் புடைத்து ஓடும். மழை நாளில் மற்றவர்கள் சறுக்கி உட்காரும் சரிவில், காய்ச் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் ஏறிப் போய்விடுவாள்.

"ஏட்டி, உனக்கு ஆம்பளக் காலு. எனக்குப் பாரு, ரெண்டு பலாப்பழத்தக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி" என்பாள் லூர்தம்மாள். இன்பமேரியின் கணவன் பவுல்ராஜின் அக்கா அவள், இன்பமேரிக்கு மதினி. அதே லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், அடுத்த வீட்டில் இருக்கிறாள். எடை எண்பத்திரண்டு கிலோ. அதில் பெரும்பங்கு இடுப்பெலும்புக்குக் கீழே, பின்புறத்திலும் தொடைகளிலும் இருந்தது. ஜீப்பில் அவள் ஏறினால் டிரைவர் இரண்டு பேருக்கான கட்டணம் கேட்டுக் கிண்டல் செய்வான். "ரெண்டு பேரையும் எறக்கிவிடு, நடந்தே போறோம்" என்பாள்.

இன்பமேரியின் கால்கள் பிறவியிலேயே அப்படி இருந்ததில்லை. பதினான்கு வயதில், உடன் படித்த பெண்களுக்கெல்லாம் இடுப்பு அகன்று தொடை திரண்டபோது, அவளுக்கு மட்டும் இருந்த சதையும் வற்றியது. மாறாக முகம் உருண்டது. மோவாய்க்குக் கீழே ஒரு மடிப்பு விழுந்தது. கழுத்து கறுத்தது, அழுக்கு என்று அவளுடைய அம்மா நாரால் தேய்த்துப் பார்த்தாள், போகவில்லை. மேலே பார்த்தால் நன்றாகச் சாப்பிடுகிறவள், கீழே பார்த்தால் உழைக்கிறவள். ஊர் இரண்டையும் நம்பியது.

இருபத்தொரு வயதில் கல்யாணம். முப்பத்திரண்டில் சர்க்கரை. முப்பத்தெட்டில் ஒருநாள் மேல்வயிற்றில் தொடங்கிய வலி முதுகுவரை துளைத்துக்கொண்டு போனது. கணையம் வீங்கியிருப்பதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அந்த வார்டில் வந்து பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: குடிப்பாயா? இல்லை என்றாள். பவுல்ராஜைத் தனியாகக் கூப்பிட்டும் கேட்டார்கள். அவனும் இல்லை என்றுதான் சொன்னான். ஆனால் வீட்டுக்கு வந்தபிறகு, பாட்டில் ஏதும் இருக்கிறதா என்று அவள் பெட்டிக்குள் துணிகளைப் புரட்டிப் பார்த்தான். அவன் தேடுவதை அவள் பார்த்துவிட்டாள்.

இதைவிடக் கசந்தது ஹெல்த் சென்டரில் நடந்தது. சர்க்கரை மாத்திரை கூட்டக் கூட்ட, சர்க்கரையும் கூடிக்கொண்டே போனது. போன வருடம், வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்துக் கொழுப்பையும் பார்க்கலாம் என்றார்கள். முந்தின நாள் ஏழு மணிக்குக் கஞ்சி குடித்துவிட்டு, காலையில் பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்து முதல் ஜீப்பில் போனாள். லேப் பெண் ஜோமோள் ரத்தம் பிடித்த கண்ணாடிக் குழாயை மெஷினில் சுழலவிட்டு எடுத்தாள். மேலே தெளிந்து மஞ்சளாக நிற்க வேண்டிய நீர், பாலைப்போல் வெள்ளையாக இருந்தது.

"சேச்சி, கழிச்சிட்டுதானே வந்தீங்க?" என்று மலையாளம் கலந்து கேட்டாள், இவள் சாப்பிட்டுவிட்டு வந்ததாக நினைத்து.

"இல்லம்மா. தண்ணிதான்."

"பொரோட்டாவும் பீஃபும் கழிச்ச மாதிரி இருக்கு இது. பொய் பறயண்டா சேச்சி, பொய் வேண்டாம். இன்னொரு நாள் வெறும் வயிறோட வாங்க."

ஜோமோள் கெட்டவள் இல்லை. நாளுக்கு அறுபது பேரிடம் ரத்தம் எடுக்கிறவள். டீ குடித்துவிட்டுக் குடிக்கவில்லை என்று சாதிக்கிறவர்களைத் தினமும் பார்க்கிறவள். இன்பமேரி இரண்டாம் முறையும் போனாள். அதே பால். இந்த முறை சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார்கள்: உணவுக் கட்டுப்பாடு இல்லை, சொல்வதைக் கேட்பதில்லை.

அந்தச் சீட்டைப் பவுல்ராஜ் படித்தான். அன்றிலிருந்து தேங்காயெண்ணெய்ப் பாட்டிலை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினான். வேலை முடிந்து அவள் வந்ததும், பேசுகிற சாக்கில் பக்கத்தில் வந்து மூச்சு இழுப்பான்.

"எதுக்குய்யா மோந்து பாக்க? நான் என்ன திருட்டுப் பூனையா?"

"நான் எங்க மோந்தேன்? சளி பிடிச்சிருக்கு."

"பதினஞ்சு நாளாவா?"

அவனும் பயத்தில்தான் செய்தான். இன்னொரு முறை கணையம் வீங்கினால் பிழைப்பது கடினம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஆனால் அவளுக்குச் சாவைவிட இது பெரிதாக இருந்தது. இருபத்திரண்டு வருடம் கூட வாழ்ந்தவன், அவள் வாய்ச்சொல்லை விட்டு ஒரு லேப் குழாயை நம்புகிறான். தான் சாப்பிடவில்லை என்பதை ஒருவராவது ஒத்துக்கொள்ள வேண்டும். மருந்து, மாத்திரை எல்லாம் அப்புறம்.

மூன்றாம் முறைக்கு அவள் மதினியைத் துணைக்குக் கூப்பிட்டாள். "மொத நாள் சாயந்தரத்துலருந்து நீ என்கூடவே இருக்கணும் மதினி. நான் எதையாவது வாயில வச்சனான்னு நீ வந்து சொல்லணும்."

"சொல்லுதேன். ஆனா நானும் பட்டினி கிடக்கணும்னு சொல்லிராத."

லூர்தம்மாள் இன்பமேரி வீட்டிலேயே படுத்தாள். விடிந்ததும், இன்பமேரியின் எதிரிலேயே நான்கு இட்லியும் டீயும் முடித்தாள். மூவரும் ஜீப்பில் போனார்கள். பவுல்ராஜ் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டான்.

லேப் வாசலில் லூர்தம்மாள் ரவிக்கைக் கையைச் சுருட்டினாள். "எனக்கும் எடுங்க. நான் தின்னுட்டுத்தான் வந்திருக்கேன், மறைக்கல. இவ தின்னாம வந்திருக்கா. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க."

ஜோமோள் சிரித்தாள், ஆனாலும் எடுத்தாள். இட்லி தின்றவளின் நீர் மஞ்சளாகத் தெளிந்து நின்றது. பட்டினி கிடந்தவளின் நீர் பாலாக இருந்தது. ஜோமோள் சிரிப்பை நிறுத்திவிட்டு, இரண்டு குழாய்களையும் கையிலேயே எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனாள்.

டாக்டர் சிவசங்கரி அந்த மாதம்தான் மாற்றலாகி வந்திருந்தார். பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொங்குத் தமிழ் பேசும் ஊர்க்காரர். குழாய்களைப் பார்த்தார், வாசலில் நின்ற இரண்டு பெண்களையும் பார்த்தார். கணவனை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, இருவரையும் உள்ளே அழைத்துத் திரையை இழுத்தார்.

"ஏனுங்க அக்கா, சேலையக் கொஞ்சம் முட்டிக்கு மேல தூக்குங்க."

இன்பமேரியின் தொடையை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தார். விரல்களுக்கு நடுவில் தோல் மட்டுமே வந்தது; அதன் கீழே நேராகத் தசை. பின்புறத்திலும் அப்படியே. பிறகு லூர்தம்மாளின் தொடை. அங்கே இரண்டு விரல் போதவில்லை.

"கிச்சுக்கிச்சு மூட்டாதிய டாக்டரம்மா" என்றாள் லூர்தம்மாள்.

டாக்டர் இன்பமேரியின் கழுத்துக் கறுப்பைப் பார்த்தார். மோவாய் மடிப்பைத் தொட்டார். எந்த வயதில் கால் இப்படி ஆனது என்று கேட்டார். அப்பாவைப் பற்றிக் கேட்டார். அவருக்கும் மெலிந்து முறுக்கிய கால். நாற்பத்தொரு வயதில் சர்க்கரையோடு போய்ச் சேர்ந்தவர். பிள்ளைகளைக் கேட்டதற்கு, ஒரே மகள் நிமி என்றாள் இன்பமேரி.

"அக்கா, உங்களுக்குக் கொழுப்பு ஜாஸ்தியாச் சாப்பிட்டு வந்த நோவு இல்லீங்க இது. கொழுப்ப வைக்கறதுக்கு எடமில்லாத நோவு."

பிறகு நிதானமாக விளக்கினார். சாப்பிட்டபின் உணவிலுள்ள கொழுப்பு ரத்தத்தில் கலந்து ஓடுகிறது. தொடையிலும் பின்புறத்திலும் தோலுக்கடியில் இருக்கும் கொழுப்புச் செல்கள் அதை வாங்கி உள்ளே வைத்துக்கொள்கின்றன; சீக்கிரம் வெளியே விடுவதில்லை. வயிற்றுக்குள் குடலைச் சுற்றிச் சேரும் கொழுப்பு அப்படி இல்லை. அது எளிதில் கரைந்து வெளியேறும். அங்கிருந்து வரும் ரத்தம் நேராக ஈரலுக்குத்தான் போகும். இன்பமேரிக்குக் கீழே வாங்கி வைக்கும் இடமே வற்றிப்போனது. அதனால் கொழுப்பு ரத்தத்திலேயே சுற்றுகிறது. ஈரலிலும் தசையிலும் போய் அடைகிறது. அங்கே அடைந்தால் உடம்பில் ஊறும் இன்சுலின் சரியாக வேலை செய்யாது, சர்க்கரை ஏறும். ரத்தத்தில் அளவு மிகவும் கூடும்போது கணையம் வீங்கும். குடிக்காமலே வீங்கும்.

இன்பமேரி சேலையை இறக்கிவிட்டுக்கொண்டாள். பிறகு, "காய் உலத்துற ஸ்டோர் இல்லாத தோட்டம் மாதிரியாம்மா? பச்சக் காய எறக்கி வைக்க எடமில்லாம, முத்தத்துலயும் அடுப்படியிலயும் கொட்டி, எல்லாம் அழுகிப்போற மாதிரி?" என்று கேட்டாள்.

"கிட்டத்தட்ட அப்படித்தானுங்க. பெரும்பாலும் வம்சவழியா வர்றது. ஆனா நான் தொட்டுப் பாத்துச் சொல்றேன், அவ்வளவுதான். மெடிக்கல் காலேஜுக்கு ரத்தம் அனுப்பி உறுதி பண்ணணும். உங்க பொண்ணு நிமிக்கும் பாக்கணும்."

"அப்ப என்னயப் பலாப்பழம்னு சிரிச்சவளுக எல்லாம் இனிமே கும்பிடணும்" என்றாள் லூர்தம்மாள்.

"கும்பிடட்டும்ங்க. ஆனா இதுக்குன்னு சாப்பிட்டு ஏத்தாதீங்க. மூட்டு தேயும். வயித்துச் சுத்தளவு ஏறுச்சுன்னா உங்களுக்கும் சர்க்கரை வரும். கீழ இருக்கறது உங்களுக்கு ஓரளவு காவல், அவ்வளவுதான்."

"முட்டி இப்பவே கத்துது. அத ஏன் கேக்கிய."

இன்பமேரிக்குச் சொன்ன மருத்துவம் லேசானதல்ல. மாத்திரைகளை மாற்றினார். ரத்தக் கொழுப்பைக் குறைக்க ஒன்று சேர்த்தார். எண்ணெய் நாளுக்கு இரண்டு டீஸ்பூன் மட்டும்; தேங்காய்ப்பாலும் இறைச்சிக் கொழுப்பும் கூடாது, இனிப்பும் கூடாது, நடை வேண்டும். இழந்த இடம் திரும்ப வராது, வந்து சேர்வதைத்தான் குறைக்க முடியும் என்றார். வயிறு வலித்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காமல் வர வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, இன்பமேரி எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னும் ஏதாவது இருக்குங்களா அக்கா?"

"நான் தின்னுட்டு வரலங்கறத எழுதிக் குடுங்க."

டாக்டர் நிமிர்ந்தார்.

"முன்னால ஒரு சீட்டுல, சொன்ன பேச்சுக் கேக்கலன்னு எழுதியிருக்கு. அத வச்சுத்தான் வீட்டுல எண்ணெயப் பூட்டுதாக. மருந்துச் சீட்டு எனக்குப் புரியாது. இத மட்டும் தமிழ்ல எழுதுங்க."

டாக்டருக்குத் தமிழ் பேச வரும். எழுதிப் பழக்கமில்லை, மலையாளத்தில் படித்தவர். வார்த்தைக்கு வார்த்தை நிறுத்தி, எழுத்தை லூர்தம்மாளிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். கையெழுத்திட்டு முத்திரையும் வைத்தார்.

திரும்பும் ஜீப்பில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். பவுல்ராஜ் இந்த முறை பின்னால், அவளுக்கு எதிரே உட்கார்ந்தான். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டான். அவள் சீட்டைப் பிரித்து எல்லோருக்கும் கேட்கும்படி படித்தாள்.

"இன்பமேரி மூன்று முறையும் சாப்பிடாமல்தான் வந்தார். அவர் சொன்னது உண்மை. அவருடைய ரத்தத்தில் கொழுப்பு நிற்பது அவர் தப்பு அல்ல. அவர் குடிப்பவரும் அல்ல."

லூர்தம்மாள் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பவுல்ராஜ் கம்பியைப் பிடித்தபடி வெளியே ஏலச்செடிகளைப் பார்த்தான். வளைவு ஒன்று தாண்டியபின், முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போதும் புள்ள" என்றான் மெதுவாக. "எனக்குப் புரிஞ்சுது. போதும்."

"எனக்குப் போதல" என்றாள் இன்பமேரி. சீட்டை மறுபடி முகத்துக்கு நேரே பிடித்து, முதல் வரியிலிருந்து இன்னும் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள்.